அடுப்பங்கரைக் கணக்கு: பங்கு என்றால் எத்தனை கப்?



தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நாலு பக்கக் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. மார்கழி மாதம் அவர்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுப் பொங்கல். இவர்கள் வீட்டு முறை வருகிறபோதெல்லாம் இத்தனை வருஷமாக மாமியார்தான் வெண்பொங்கல் வைத்துக் கொடுத்து வந்திருக்கிறார். ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. உணவு, நடமாட்டம் எல்லாம் தேறி வருகிறதாம், வாய்தான் இன்னும் வரவில்லை. பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டே வரி. "பச்சரிசி மூணு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. தண்ணி நாலத்தனை." கேட்டால் அவரும் மூன்று விரலைக் காட்டிவிட்டு, பிறகு ஒரு விரலைக் காட்டுகிறாராம். "அக்கா, நாற்பது பேருக்கு வைக்க வேண்டும். மூணு என்றால் மூணு கப்பா, மூணு படியா? பக்கத்து வீட்டு அம்மா, மூணில் ஒண்ணு பருப்பு போடு என்கிறார். எங்கள் முறை மார்கழி பத்தாம் தேதி. எங்கள் அத்தை பொங்கல் என்று தெருவே வந்து வாங்கும். குறைந்தும் போகக்கூடாது, ருசியும் மாறக்கூடாது" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் போட்டாயிற்று. ஆனால் இதே கேள்வியை வேறு வேறு விதமாக நிறையப் பேர் கேட்டிருப்பதால் இந்த இதழில் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பங்கு என்றால் என்ன? பங்கு என்பது கப்பும் இல்லை, படியும் இல்லை. நீங்கள் கையில் எடுக்கிற பாத்திரம் எதுவோ அது ஒரு பங்கு. டம்ளரை எடுத்தால் டம்ளர் பங்கு, அண்டாவை எடுத்தால் அண்டா பங்கு. மூன்று முறை அரிசி, அதே பாத்திரத்தால் ஒரு முறை பருப்பு. அவ்வளவுதான். இப்படி எழுதி வைத்ததில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அந்தக் காலத்துப் படி ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. பெண் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கல்யாணமாகிப் போனால் பிறந்த வீட்டுப் படியும் புகுந்த வீட்டுப் படியும் ஒத்துப் போகாது. பங்காக எழுதினால் எந்த ஊர்ப் படியிலும் பொங்கல் ஒரே மாதிரி வரும்.

படிக்கணக்கில் இந்த மூணுக்கு ஒண்ணு எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அதாவது ஒரு படிக்கு நாலு உழக்கு. ஆக, மொத்தம் ஒரு படி பொங்கல் வைக்க வேண்டுமானால் மூணு உழக்கு அரிசி, ஒரு உழக்கு பருப்பு. வகுக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். அந்த அம்மாள் மனதில் இருந்தது இந்தக் கணக்காகத்தான் இருக்க வேண்டும். 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்த பிறகு கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வந்து படியும் உழக்கும் பரணுக்குப் போய்விட்டன. நோட்டுப் புத்தகம் மட்டும் பழைய பாஷையிலேயே நிற்கிறது.

இப்போது கப்புக்கு வருவோம். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம்.

மூணு பங்கும் ஒரு பங்கும் சேர்ந்தால் நாலு பங்கு. ஆகவே மொத்தம் எவ்வளவு தானியம் வேண்டும் என்று தெரிந்தால் அதை நாலால் வகுக்க வேண்டும். மூணால் அல்ல. வருகிற விடை ஒரு பங்கு, அதாவது பருப்பு. அதை மூணால் பெருக்கினால் அரிசி. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது "மூணில் ஒண்ணு". நோட்டில் இருப்பது "மூணுக்கு ஒண்ணு". கேட்கிறதற்கு ஒன்று போலத்தான் இருக்கிறது. ஆனால் மூணில் ஒண்ணு பருப்பு என்றால் மீதி இரண்டு பங்குதான் அரிசி. அது இரண்டுக்கு ஒண்ணு ஆகிவிடும். எட்டு கப் மொத்தத்துக்கு இரண்டு கப் பருப்பு போட வேண்டிய இடத்தில் இரண்டே முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் போடுவீர்கள். பொங்கல் கெட்டுப் போகாது. ஆனால் பருப்பு வாசனை தூக்கலாகவும், கரண்டியில் பசை மாதிரி இழுத்துக்கொண்டும் வரும். பாசிப்பருப்பு அரிசியைவிட விலை ஜாஸ்தி என்பதால் செலவும் கூடும். "நம்ம அத்தை கைப் பொங்கல் மாதிரி இல்லையே" என்று தெருவில் ஒருவர் சொன்னால், அதற்குக் கைராசி காரணம் இல்லை, இந்த வகுத்தல்தான் காரணம்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. "பருப்பு கால் பங்கு" என்று சிலர் எழுதி வைத்திருப்பார்கள். மொத்தத்தில் கால் பங்கு என்றால் அது மூணுக்கு ஒண்ணுதான், சரி. ஆனால் நாலு கப் அரிசியை அளந்து வைத்துக்கொண்டு அதில் கால் பங்கு என்று ஒரு கப் பருப்பு போட்டால் அது நாலுக்கு ஒண்ணு. சூடாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆறினதும்தான் தெரியும். பருப்பு குறைந்த பொங்கல் பாளம் பாளமாக இறுகும், கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி ஆகிவிடும். கோயில் பிரசாதம் அடுப்பிலிருந்து இறக்கி ஒரு மணி நேரம் கழித்துத்தானே கைக்கு வருகிறது? ஆகவே இது முக்கியம்.

சரி, நாற்பது பேருக்கு எத்தனை கப் தானியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெந்த பொங்கலிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். இனிமேல் நான் கப் என்று சொல்வதெல்லாம் 240 மில்லி பிடிக்கிற அளவுக் கப், தலை தட்டி அளந்தது. ஒரு தொன்னையில் முக்கால் கப் பொங்கல் வைத்தால் பார்க்க நிறைவாக இருக்கும். நாற்பது தொன்னைக்கு முப்பது கப். வீட்டில் இருப்பவர்களுக்கும் அர்ச்சகருக்குமாக இன்னும் இரண்டு கப். ஆக முப்பத்திரண்டு கப் வெந்த பொங்கல் வேண்டும். அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு கப் தானியம், நன்றாகக் குழைய வெந்தால் நாலு கப்புக்குக் குறையாமல் பொங்கல் கொடுக்கும். முப்பத்திரண்டை நாலால் வகுத்தால் எட்டு. ஆகவே தானியம் மொத்தம் எட்டு கப்.

இப்போது அந்த எட்டை மறுபடி நாலால் வகுங்கள். ஒரு பங்கு இரண்டு கப். பருப்பு இரண்டு கப், அரிசி ஆறு கப். (இரண்டு தடவை நாலால் வகுத்தோமே என்று குழம்ப வேண்டாம். முதல் நாலு, தானியம் பெருகுகிற கணக்கு. இரண்டாவது நாலு, மூணும் ஒண்ணும் சேர்ந்த நாலு. இரண்டும் தற்செயலாக ஒரே எண்ணாக அமைந்துவிட்டது.)

கடைக்குப் போகிறவர் கையில் கப் கணக்கைக் கொடுத்து அனுப்ப முடியாது. பச்சரிசி ஒரு கப் சுமார் 200 கிராம், பாசிப்பருப்பும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே அரிசி ஒன்றேகால் கிலோ, பருப்பு அரைக் கிலோ வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும். இரண்டும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால்தான் இந்தப் பொங்கலுக்குக் கப்பால் அளந்தாலும் தராசில் நிறுத்தாலும் ஒரே பதம் வருகிறது. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. மாவாக இருந்தால் பொருந்தவே பொருந்தாது. ஒரு கப் உளுத்தம் மாவு ஒரு கப் முழு உளுந்தைவிட ரொம்பவும் எடை குறைவு. மாவுக்குப் பங்கு எழுதியிருந்தால் அது அளவா எடையா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். நோட்டில் "தண்ணி நாலத்தனை" என்று இருக்கிறது. எதற்கு நாலத்தனை? இதை மூன்று விதமாகப் படிக்கலாம், இரண்டு விதம் தப்பு. அரிசிக்கு மட்டும் நாலத்தனை என்று நினைத்தால் ஆறு கப்புக்கு இருபத்துநாலு கப் தண்ணீர் வரும். பருப்பும் தண்ணீர் குடிக்கும் என்பதை மறந்த கணக்கு இது. பொங்கல் உதிரியாகி அடியில் பிடிக்கும். நாலு பங்கு என்று நினைத்தால் எட்டு கப் வரும், அரிசி பாதி கூட வேகாது. சரியானது, அரிசியும் பருப்பும் சேர்ந்த மொத்தத்துக்கு நாலத்தனை. எட்டு கப் தானியத்துக்கு முப்பத்திரண்டு கப் தண்ணீர். பங்குக் கணக்கிலேயே சொல்ல வேண்டுமென்றால் அரிசி மூணு, பருப்பு ஒண்ணு, தண்ணீர் பதினாறு. மகளுக்கோ மருமகளுக்கோ எழுதிக் கொடுக்கும்போது "நாலத்தனை" என்று எழுதாமல் இப்படி 3, 1, 16 என்று எழுதிக் கொடுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் தண்ணீர் ஒன்று மட்டும் பங்குக்கு முழுதாக அடங்காது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது ஆவியாகப் போகிறது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கிற நேரத்தையும் பொறுத்தது. தானியத்தை எட்டு மடங்கு ஆக்கினால் பாத்திரத்தின் வாய் எட்டு மடங்கு அகலமாவதில்லையே! ஆகவே பெரிய அளவில் வைக்கும்போது ஆவியில் போகிற பங்கு குறைவு. முப்பத்திரண்டு கப்பையும் முதலிலேயே கொட்டிவிட்டால் சில சமயம் கஞ்சி மாதிரி நின்றுவிடும். நான் சொல்வது, இருபத்தெட்டு கப் முதலில் வையுங்கள். மீதி நாலு கப்பைப் பக்கத்து அடுப்பில் வெந்நீராகவே வைத்திருந்து, அரிசி வெந்து வரும்போது பதம் பார்த்து ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிப் போகும், நேரமும் இழுக்கும். அரிசி புதிசாக இருந்தால் இந்த நாலு கப்பில் இரண்டு மிஞ்சும், பழைய அரிசியானால் எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்கிறீர்களா? கரண்டியில் எடுத்து விட்டால் ஒரே கட்டியாகத் தொப்பென்று விழாமல், தளர்ந்து மெதுவாக விழ வேண்டும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தளர்த்தியாகவே இருக்கட்டும்.

பாத்திரம்? இருபத்தெட்டு கப் தண்ணீரும் எட்டு கப் தானியமும் சேர்ந்து எட்டு லிட்டர் சுமாருக்கு நிற்கும். பருப்பு நுரைத்துப் பொங்கும். ஆகவே பன்னிரண்டு லிட்டருக்குக் குறையாத அடிகனமான பாத்திரம் வேண்டும். அவ்வளவு பெரிசு இல்லையென்றால் இரண்டு பாத்திரத்தில் வைக்கலாம். அதற்கு ஒரு உபாயம் உண்டு. அரிசியைத் தனியாக இரண்டாகவும் பருப்பைத் தனியாக இரண்டாகவும் பிரிக்காதீர்கள். பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, அரிசியோடு உலர்ந்தபடியே நன்றாகக் கலந்துவிட்டு, கலவையை நாலு கப், நாலு கப் என்று அளந்து பிரியுங்கள். பங்கு தானாகவே சரியாக இருக்கும். ஒன்றில் பருப்பு ஜாஸ்தி, இன்னொன்றில் கம்மி என்ற பேச்சே வராது.

ஊற வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அளப்பது எப்போதும் உலர்ந்த தானியத்தை. ஊறினால் பருப்பு உப்புகிற அளவுக்கு அரிசி உப்புவதில்லை. இரண்டையும் தனித்தனியாக ஊற வைத்துவிட்டு, ஊறினதை அளந்து மூணுக்கு ஒண்ணு போட்டால் பருப்பு உண்மையில் குறைந்துவிடும்.

இனி மிளகு, சீரகம், நெய், உப்பு. இவற்றை எந்த நோட்டிலும் பங்காக எழுதுவதில்லை. "ஒரு கைப்பிடி மிளகு, விரல் நீளம் இஞ்சி" என்றுதான் இருக்கும். யார் கை, எந்த விரல்? அது போகட்டும். நான் வைத்திருக்கும் கணக்கு, தானியம் மொத்தம் ஒரு கப்புக்கு மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், நெய் இரண்டு டேபிள்ஸ்பூன், தூள் உப்பு ஒன்றேகால் டீஸ்பூன். எட்டு கப்புக்கு நெய் பதினாறு டேபிள்ஸ்பூன், அது சரியாக ஒரு கப். உப்பு பத்து டீஸ்பூன். உப்பில் மட்டும் எட்டு டீஸ்பூன் முதலில் போட்டு, வெந்த பிறகு ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். பிரசாதத்தை ருசி பார்க்கக்கூடாது என்கிற வீடுகளில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பு கம்மியானதைத் தொட்டுக்கொள்கிற சட்னி காப்பாற்றும், ஜாஸ்தியானதை ஒன்றும் காப்பாற்றாது. கல்லுப்பு போடுகிறவர்கள் இந்த டீஸ்பூன் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். கல்லுப்புக்கு நடுவில் இடைவெளி நிறைய, ஸ்பூனில் நிற்கிற எடை குறைவு. மிளகும் முழுசாகப் போடுவதற்குத்தான் ஒரு டீஸ்பூன் கணக்கு. இடித்துப் போட்டால் காரம் பரவும், ஆறு டீஸ்பூன் போதும்.

நாற்பது பேர் கதை ஆயிற்று. வீட்டில் நாலு பேருக்கு என்றால்? காலை டிபனுக்கு வயிறாரச் சாப்பிட ஒரு கப் தானியம் மூன்று பெரியவர்களுக்குப் போதும். நாலு பேருக்கு ஒன்றும் மூன்றில் ஒன்றும். அதை நாலால் வகுத்தால் ஒரு பங்கு என்பது கப்பில் மூன்றில் ஒன்று. அதாவது ஒரு கப் அரிசிக்கு மூன்றில் ஒரு கப் பருப்பு. பதினாறு பங்கு தண்ணீர் என்பது ஐந்தேகால் கப்புக்குச் சற்று மேலே. பிரஷர் குக்கரில் ஆவி போவது குறைவென்பதால் ஐந்து கப்பே போதும். குக்கரில் நேராக வைக்கிறவர்கள் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மூன்று லிட்டர் குக்கருக்கு இதுவே எல்லை, ஐந்து லிட்டர் குக்கரானால் தாராளம்.

மூன்றில் ஒரு கப்பை எப்படி அளப்பது என்று உடனே கேட்பீர்கள். மூன்றில் ஒன்று என்று குறித்த குட்டிக் கப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு கப்புக்குப் பதினாறு டேபிள்ஸ்பூன். மூன்றில் ஒன்று, ஐந்து டேபிள்ஸ்பூனும் ஒரு டீஸ்பூனும். அதுவும் தொந்தரவு என்றால் கப்பையே மறந்துவிடுங்கள். மூன்றில் ஒரு கப் பிடிக்கிற ஒரு சின்னக் கிண்ணத்தை, சட்னிக் கிண்ணம் மாதிரி, தேடி எடுங்கள். அதுவே பங்கு. மூணு கிண்ணம் அரிசி, ஒரு கிண்ணம் பருப்பு, பதினாறு கிண்ணம் தண்ணீர்.

அரிசியை அளந்து தொடங்குகிற பழக்கம் உள்ளவர்கள் நாலால் வகுக்க வேண்டாம், அரிசியை மூணால் வகுத்தால் பருப்பு வந்துவிடும். ஆறு கப் அரிசிக்கு இரண்டு, நாலரைக்கு ஒன்றரை, இரண்டேகாலுக்கு முக்கால். டப்பாவில் பருப்பு கொஞ்சம்தான் இருக்கிறது, அதற்கு எவ்வளவு அரிசி என்றால் பருப்பை மூணால் பெருக்குங்கள். மொத்தத்தை நாலால் வகுப்பது, அரிசியை மூணால் வகுப்பது, பருப்பை மூணால் பெருக்குவது. எதை வைத்துத் தொடங்குகிறோம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அளந்து போட்ட பிறகு தப்பு தெரிந்தாலும் சரி செய்யலாம். ஏழு கப் அரிசியும் இரண்டு கப் பருப்பும் கலந்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழை மூணால் வகுத்தால் இரண்டும் மூன்றில் ஒன்றும். ஆக இன்னும் மூன்றில் ஒரு கப் பருப்பு சேர்த்தால் தீர்ந்தது. பருப்பு கூடிப் போயிருந்தால் அரிசிதான் சேர்க்க வேண்டும். மொத்தமும் கூடும், தண்ணீரையும் அதற்குத் தக்கபடி கூட்ட வேண்டும். இரண்டு கப் அரிசிக்கு ஒரு கப் பருப்பு விழுந்துவிட்டதா? இன்னும் ஒரு கப் அரிசி போடுங்கள். மூணுக்கு ஒண்ணு ஆகிவிடும், தண்ணீர் பன்னிரண்டு கப்புக்குப் பதில் பதினாறு.

இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்ட பிறகும் பதம் மாறுகிறது என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எத்தனை கப் இருக்கிறது? எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு ஒரு கப் வரும். அது பெரும்பாலும் 180 மில்லி. அளவுக் கப் செட்டில் இருக்கிற பெரிய கப் 240 அல்லது 250 மில்லி. அரிசி டப்பாவுக்குள் குக்கர் கப்பும், பருப்பு டப்பாவுக்குள் அளவுக் கப்பும் கிடந்தால் என்ன ஆகும்? மூணு குக்கர் கப் அரிசி 540 மில்லி, ஒரு பெரிய கப் பருப்பு 240 மில்லி. மூணுக்கு ஒண்ணு என்று நினைத்துக்கொண்டு இரண்டேகாலுக்கு ஒண்ணு போட்டிருப்பீர்கள். கப் என்று நாம் சொல்லுகிற வார்த்தைதான் ஒன்று, பாத்திரம் வேறு. அரிசிக்கும் பருப்புக்கும் தண்ணீருக்கும் ஒரே கப். தலை தட்டி அளந்தால் எல்லாமே தலை தட்டி. அரிசியைக் கும்பாச்சியாகவும் பருப்பைத் தட்டியும் அளக்கக்கூடாது.

எவர்சில்வர் டம்ளரால் அளக்கிறவர்கள் அது எத்தனை மில்லி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை அந்த டம்ளரால் விளிம்பு வரை ஊற்றிப் பாருங்கள். சரியாக மூணு டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் சுமார் 167 மில்லி. இரண்டு வந்தால் 250.

இட்லிக்கும் மூணுக்கு ஒண்ணு என்று பல வீடுகளில் எழுதி வைத்திருப்பார்கள். வகுக்கிற முறை இதேதான். ஆனால் உளுந்து பாசிப்பருப்பு மாதிரி சாது இல்லை. புது உளுந்து அரைக்க அரைக்கப் பொங்கி வழியும், பழைய உளுந்து அரைத்தாலும் அடங்கியே கிடக்கும். புழுங்கலரிசியானால் நாலுக்கு ஒண்ணு போடுகிறவர்களும் உண்டு. அங்கே பங்கு ஒரு தொடக்கம்தான். உளுந்து மாற்றும்போதெல்லாம் முதல் தடவை கொஞ்சமாக அரைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இட்லிக் கணக்கை அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.

வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு ஒரு சௌகரியம் சொல்லி முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஆறு கப் பச்சரிசியோடு கலந்து காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். சூட்டோடு போட்டால் வியர்த்துப் பூஞ்சைக்காளான் வரும், வண்டும் சேரும். காலையில் அந்தக் கலவையில் ஒரு கப் எடுத்தால் மூணு பேருக்கு ஆயிற்று, தண்ணீர் நாலு கப். கழுவுகிறதை மட்டும் சமைக்கும்போது செய்தால் போதும். டப்பா அலமாரியில் நின்றுகொண்டே இருந்தால் பருப்பும் அரிசியும் கொஞ்சம் பிரிந்து நிற்கும். அளக்கும் முன் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு தடவை புரட்டிவிட்டு அளங்கள். மூடியின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கலந்த தேதியையும், "மொத்தம் 1, தண்ணீர் 4" என்றும், அளந்த கப் எது என்றும் எழுதி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டுக்காரரோ பிள்ளையோ அதைப் பார்த்தே வைத்துவிடலாம்.

உங்கள் வீட்டு நோட்டிலும் இப்படிப் பங்கில் எழுதியது ஏதாவது இருந்தால் எழுத்து மாறாமல் நகலெடுத்து அனுப்புங்கள். அடைக்கும் சத்துமாவுக்கும் வந்த கடிதங்கள் மேஜை மேல் காத்திருக்கின்றன.